கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம், கையில் மதமதப்பு: இரண்டும் ஒன்றுதானா?

கை மரத்துப்போகிறது, விரல்களில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது என்று மருத்துவரிடம் போனால், பல இடங்களில் முதலில் எடுக்கச் சொல்வது கழுத்து எக்ஸ்ரே. மாலைக்குள் ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். “சி5-சி6, சி6-சி7 டிஸ்க் இடைவெளி குறைந்துள்ளது. எலும்பு முட்கள் உள்ளன. கழுத்தின் இயல்பான வளைவு குறைந்துள்ளது. சர்விகல் ஸ்பாண்டிலோசிஸ்.” படித்தவுடன் மனசு ஒரு கணக்குப் போட்டுவிடுகிறது: கழுத்து தேய்ந்துவிட்டது, அதனால்தான் கை மதமதக்கிறது.

இந்தக் கணக்கு சிலருக்குச் சரி. பலருக்குத் தப்பு. தப்பாகப் போனவர்கள் கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அதற்குள் மணிக்கட்டிலோ முழங்கையிலோ அழுந்திக்கொண்டிருக்கும் நரம்பு மெல்ல மெல்லப் பழுதாகிக்கொண்டிருக்கும். அதனால் அந்த ரிப்போர்ட்டின் ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

## எலும்பு தேய்கிறதா, வளர்கிறதா?

கழுத்தில் ஏழு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலிருந்து கீழாக சி1 முதல் சி7 வரை அவற்றுக்குப் பெயர். சி2-க்குக் கீழே ஒவ்வொரு இரண்டு எலும்புக்கும் நடுவில் ஒரு டிஸ்க் இருக்கிறது. பேச்சு வழக்கில் ‘ஜவ்வு’ என்கிறோமே, அதுதான். வெளியே பல அடுக்கு நார்களால் ஆன உறுதியான வளையம், உள்ளே தண்ணீர் நிறைந்த கூழ். இந்தத் தண்ணீர் இளவயதிலேயே குறையத் தொடங்குகிறது. தண்ணீர் குறையக் குறைய டிஸ்க் தட்டையாகிறது.

எக்ஸ்ரேயில் டிஸ்க் தெரியாது. தெரிவது இரண்டு வெள்ளை எலும்புகளுக்கு நடுவே உள்ள கருத்த இடைவெளி மட்டும். அந்த இடைவெளி மேலும் கீழும் உள்ளவற்றைவிடக் குறுகலாக இருந்தால், உள்ளே டிஸ்க் தட்டையாகியிருக்கிறது என்று ஊகிக்கிறார்கள். ‘டிஸ்க் இடைவெளி குறைந்துள்ளது’ என்ற வரி அவ்வளவுதான் சொல்கிறது. டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொடுகிறதா என்பது அந்த வரியில் இல்லை.

டிஸ்க் தட்டையானதும், எலும்புகளின் ஓரங்களும் பின்னால் இருக்கும் சிறு மூட்டுகளும் முன்பைவிட அதிகச் சுமை தாங்க வேண்டி வருகிறது. அந்த ஓரங்களில் புதிதாக எலும்பு வளர்கிறது. இதுதான் எலும்பு முள். முள் என்றதும் கூரான எதையோ நினைத்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது ஓரத்தில் புடைத்த உதடு போலத்தான் இருக்கும்.

ஆக, குறைவது டிஸ்க், எலும்போ வளர்கிறது. நாம் இதை ‘எலும்பு தேய்மானம்’ என்று சொல்லிப் பழகியதால் ஒரு குழப்பம் வந்து சேர்ந்திருக்கிறது. எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை முற்றிலும் வேறு நோய். கால்சியம் மாத்திரை அந்த நோய்க்கான பேச்சு. தட்டையான டிஸ்க்கை கால்சியம் மீட்டுத் தராது, வளர்ந்த முள்ளையும் கரைக்காது.

ரிப்போர்ட்டில் சி5-சி6, சி6-சி7 என்ற இரண்டு இடங்கள் அடிக்கடி வருவதற்கும் காரணம் உண்டு. தலையைக் குனியும்போதும் நிமிர்த்தும்போதும் அதிகம் அசைவது அந்தப் பகுதிதான். வளைவு குறைந்துள்ளது என்ற வரிக்கோ அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். படம் எடுக்கும்போது தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றாலே கழுத்து நேராகத் தெரியும். தசை இறுக்கத்திலும் அப்படித் தெரியும்.

## முள் எந்தத் திசையில் நீட்டுகிறது?

முள் இருக்கிறதா என்பதைவிட, எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே கைக்கு முக்கியம்.

1. முன்பக்கம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரிந்து பயமுறுத்துவது பெரும்பாலும் இதுதான். ஆனால் எலும்புக்கு முன்னால் இருப்பது உணவுக்குழாய். கைக்குப் போகும் நரம்பு அங்கே இல்லை. மிகப் பெரிதாக வளர்ந்தால் அரிதாக விழுங்குவதில் சிரமம் வரலாம். கை மதமதப்பு இதனால் வராது.

2. பக்கவாட்டில், சற்றுப் பின்னால். தண்டுவடத்திலிருந்து பிரியும் நரம்பின் தொடக்கப் பகுதிதான் நரம்பு வேர். அது வெளியே வரும் துளை இங்கேதான் இருக்கிறது. முன்பக்கச் சுவரில் எலும்பின் ஓரமும் டிஸ்க்கும், பின்பக்கச் சுவரில் சிறு மூட்டும். டிஸ்க் தட்டையானால் துளையின் உயரம் குறையும். சுவரில் முள் வளர்ந்தால் அகலம் குறையும். கை மதமதப்புக்குக் கழுத்து காரணம் என்றால் வழக்கமான இடம் இதுதான்.

3. நேர் பின்னால். அங்கே தண்டுவடம் ஓடும் குழாய் இருக்கிறது. அந்தக் குழாய் நெருங்கினால் பிரச்சினை ஒரு கையோடு நிற்காது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

கழுத்தில் இந்த நரம்புத் துளைகள் நேர் பக்கவாட்டில் திறப்பதில்லை, முன்னோக்கிச் சாய்வாகத் திறக்கின்றன. அதனால் வழக்கமாக எடுக்கும் பக்கவாட்டுப் படத்தில் துளை சரியாகத் தெரியாது. உடம்பைச் சுமார் 45 டிகிரி திருப்பி எடுக்கும் சாய்வுப் படத்தில்தான் தெரியும். அதிலும் தெரிவது எலும்பாலான துளையின் ஓரம்தான், உள்ளே போகும் நரம்பு அல்ல. நரம்பையும் பிதுங்கிய டிஸ்க்கையும் காட்ட எம்.ஆர்.ஐ. வேண்டும்.

## தொந்தரவே இல்லாதவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தால்?

ஒரு மாற்றம்தான் நோய்க்குக் காரணம் என்று சொல்வதற்கு முன், நோய் இல்லாதவர்களிடம் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்திருக்கிறார்கள். 1986-இல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்துத் தொந்தரவு எதுவும் இல்லாத 200 பேருக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். 60 முதல் 65 வயதுக்குள் இருந்த ஆண்களில் 95 சதவீதத்தினருக்கும் பெண்களில் 70 சதவீதத்தினருக்கும் குறைந்தது ஒரு தேய்மான மாற்றமாவது இருந்தது. 2015-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், தொந்தரவு இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், 87.6 சதவீதத்தினரின் டிஸ்க்குகளில் ஓரளவு பிதுக்கம் தெரிந்தது. இருபது வயதுக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு அது இருந்தது.

மறுபக்கம், கழுத்து நரம்பு வேர் அழுந்தி உண்மையிலேயே கையில் தொந்தரவு வருவது எத்தனை பேருக்கு? அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் நீண்ட காலப் பதிவேடுகளை ஆராய்ந்து 1994-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 83 பேர்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயது ஏற ஏறத் தேய்மானம் ஏறக்குறைய எல்லோருக்கும். நரம்பு அழுத்தம் மிகச் சிலருக்கு. ஐம்பது வயதுக்காரர் எந்தக் காரணத்தால் கை மரத்து வந்தாலும், அவர் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் ஏதாவது ஒன்று தெரியத்தான் போகிறது. தலைவலி என்று வந்தவருக்கு நரைமுடி இருப்பதைக் கண்டுபிடித்து, நரையால்தான் வலி என்று சொன்னால் எப்படியோ, அப்படி ஆகிவிடக் கூடாது.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். முள் ஒரே நாளில் முளைப்பதில்லை, பல வருஷமாக வளர்கிறது. ஒருமுறை வந்தால் தானாகப் போவதும் இல்லை. ஆனால் கழுத்து நரம்பால் வரும் கை வலியும் மதமதப்பும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடுகின்றன. முள் அப்படியே இருக்க, தொந்தரவு மட்டும் எப்படிப் போகிறது? நரம்பு வேர் அழுந்துவதோடு அதைச் சுற்றி அழற்சியும் சேரும்போதுதான் தொந்தரவு பெரிதாகிறது. அழற்சி அடங்கினால், குறுகிய துளைக்குள்ளேயே நரம்பு மறுபடி அமைதியாகிவிடுகிறது. குணமாகிவிட்டதா என்று பார்க்கத் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுப்பதில் பயனில்லாததற்கு இதுதான் காரணம்.

## எந்த இடைவெளி, எந்த விரல்?

சரி, கழுத்துதான் காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரிப்போர்ட் சொல்லும் இடமும் கை சொல்லும் இடமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கழுத்து எலும்புகள் ஏழு, ஆனால் நரம்பு வேர்கள் எட்டு. கழுத்தில் ஒவ்வொரு நரம்பும் தன் எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளியே வருகிறது. அதனால் சி5-சி6 இடைவெளியில் வெளிவருவது சி6 நரம்பு, சி6-சி7 இடைவெளியில் சி7 நரம்பு. சி7-க்கும் முதல் மார்பு முதுகெலும்புக்கும் நடுவில் வருவது சி8. இடைவெளியின் இரண்டாவது எண்தான் நரம்பின் எண் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1. சி6 அழுந்தினால், கழுத்திலிருந்து தோள், மேற்கையின் வெளிப்பக்கம் வழியாக வலி இறங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மதமதக்கும். முழங்கையை மடக்குவதிலும் மணிக்கட்டை மேலே தூக்குவதிலும் பலம் குறையலாம்.

2. சி7 அழுந்தினால், கையின் பின்பக்கமாக வலி இறங்கி நடுவிரலுக்குப் போகும். முழங்கையை நீட்டும் தசை பலவீனமாகும். நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழும்போதோ கதவைத் தள்ளும்போதோ அந்தக் கை ஒத்துழைக்காது. அதிகம் பாதிக்கப்படும் வேர் இதுதான்.

3. சி8 அழுந்தினால், முன்கையின் உள்பக்கமும் மோதிர விரல், சுண்டு விரலும் மரக்கும். பிடிப்பு தளரும், சாவியைத் திருப்புவதும் துணி பிழிவதும் கஷ்டமாகும்.

விரல் எல்லைகள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதனால்தான் மருத்துவர் விரலை மட்டும் கேட்டு விட்டுவிடாமல், தசைப் பலத்தைப் பார்த்து, சிறு சுத்தியலால் முழங்கையைத் தட்டியும் பார்க்கிறார். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம் போதும். கை மதமதப்புக்கு எக்ஸ்ரேயைவிட இது அதிகம் சொல்லும். அவசரத்தில் இதை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

## ஒரே ரிப்போர்ட், இரண்டு பேர்

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். 48 வயதுப் பெண், தையல் வேலை. நான்கு மாதமாக வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மதமதக்கின்றன. எக்ஸ்ரே ரிப்போர்ட் மேலே சொன்ன அதே ரிப்போர்ட். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படியே பொருந்துகிறது: சி5-சி6 என்றால் சி6 நரம்பு, கட்டைவிரல்; சி6-சி7 என்றால் சி7, நடுவிரல். ஆனால் அடுத்தடுத்துக் கேட்கும்போது படம் மாறுகிறது.

1. எப்போது வருகிறது? ராத்திரி இரண்டு, மூன்று மணிக்குத் தூக்கத்தைக் கலைக்கிறது. கையை உதறினால் குறைகிறது. கழுத்து நரம்புக்கு உதறல் பெரிதாக உதவாது. மணிக்கட்டு நரம்புக்கு உதவும்.

2. மோதிர விரல் எப்படி? நடுவிரலை ஒட்டிய பாதி மரத்திருக்கிறது, சுண்டுவிரல் பக்கத்துப் பாதி சாதாரணமாக இருக்கிறது. மோதிர விரலை இப்படி நடுவில் கோடு போட்டுப் பிரிப்பது மணிக்கட்டின் உள்பக்கமாகப் போகும் மீடியன் நரம்பின் அடையாளம். கழுத்து வேர்கள் பொதுவாக ஒரு விரலை அப்படிப் பிரிப்பதில்லை.

3. கழுத்தை அசைத்தால்? மருத்துவர் தலையை வலது பக்கம் திருப்பிப் பின்னால் சாய்த்து மெதுவாக அழுத்திப் பார்க்கிறார். கையில் எந்த மாற்றமும் இல்லை. மணிக்கட்டை ஒரு நிமிஷம் மடக்கி வைத்திருக்கச் சொன்னதும் விரல்களில் குறுகுறுப்பு தொடங்கிவிடுகிறது.

4. பலம்? முழங்கையை மடக்கவும் நீட்டவும் முழுப் பலம் இருக்கிறது. கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து மேலே தூக்குவதில் மட்டும் லேசான தளர்ச்சி.

நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனை செய்தால், மீடியன் நரம்பில் மின்சாரம் மணிக்கட்டைத் தாண்டும் இடத்தில் தாமதமாவது தெரியும். மணிக்கட்டில் அந்த நரம்பு அழுந்தும் இந்த நிலைதான் கார்பல் டனல் சிண்ட்ரோம். தேவைப்படுவது ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, அதோடு சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகள். அதில் அடங்காவிட்டால் மணிக்கட்டில் ஊசி அல்லது சிறு அறுவை சிகிச்சை. கழுத்துப் பட்டைக்கு இங்கே வேலையே இல்லை. எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. அவருடைய கழுத்தில் தேய்மானம் இருப்பது உண்மைதான். கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவ்வளவுதான்.

அதே ரிப்போர்ட்டோடு 52 வயது ஆண் ஒருவர் வருகிறார். மூன்று வாரமாக இடது தோள்பட்டை எலும்போரம் குடைச்சல், அங்கிருந்து கட்டைவிரல் வரை மின்னல் மாதிரி இறங்கும் வலி. பரணைப் பார்க்க நிமிர்ந்தால் அதிகமாகிறது. இடது கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் நிம்மதி. முழங்கையை மடக்கும் பலம் குறைந்திருக்கிறது, அங்கே தட்டினால் துள்ளலும் குறைவு. இங்கே விரல், அசைவு, பலம், தட்டல் நான்கும் சி6 நரம்பையே காட்டுகின்றன. இவருக்கு அந்த ரிப்போர்ட்டின் சி5-சி6 வரி அர்த்தமுள்ள வரி.

இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு. இந்த இரண்டில் எதிலும் அடங்காத வடிவங்களும் இருக்கின்றன. சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும் மட்டும் மரத்து, முழங்கையை மடக்கிப் போன் பேசும்போது அதிகமானால், முழங்கையில் அல்நார் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு கால்களும் சேர்ந்து எரிந்தால், மரத்தால், கழுத்தைவிடச் சர்க்கரை நோயையும் பி12 குறைவையும்தான் முதலில் நினைக்க வேண்டும். முட்டை, மீன், இறைச்சி எதுவும் சாப்பிடாதவர்களும் பல வருஷமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

## கழுத்துதான் என்று உறுதியானால்

பலம் குறையாமலோ மிக லேசாகவே குறைந்தோ இருந்தால், முதல் ஆறு வாரம் பெரும்பாலும் வலி மருந்தும் அளவான அசைவும்தான் சிகிச்சை. கழுத்துப் பட்டை பற்றி நெதர்லாந்தில் 205 பேரிடம் செய்து 2009-இல் வெளியான ஆய்வு நல்ல விடை தருகிறது. தொந்தரவு தொடங்கி ஒரு மாதத்துக்குள் வந்தவர்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பட்டையும் ஓய்வும், ஒரு பிரிவுக்குப் பிசியோதெரபி, மற்றவர்களுக்கு வெறும் காத்திருப்பு என்று பார்த்தார்கள். ஆறு வாரத்தில் பட்டைக்காரர்களுக்கும் பிசியோதெரபிக்காரர்களுக்கும் வலி வேகமாகக் குறைந்தது. ஆறு மாதத்தில் மூன்று பிரிவும் ஒரே நிலைக்கு வந்துவிட்டன. அதாவது, பட்டை தொடக்கத்தில் சில வாரம் போடுவதற்கு. வருஷக்கணக்கில் போட்டால் கழுத்துத் தசைகள்தான் தளரும்.

முடி வெட்டும் இடத்தில் கழுத்தை ‘நெட்டி’ முறிக்க விடவே விடாதீர்கள். கழுத்து எலும்புகளின் பக்கத்துத் துளைகள் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஓடுகிறது. திடீர்த் திருப்பலில் அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் நடந்த பின் திருப்பி எடுக்க முடியாதது.

ஆறு வாரத்துக்குப் பிறகும் குறையவில்லை அல்லது பலம் குறைந்துகொண்டே போகிறது என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய நேரம். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்து அடிபட்டது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் ஆறு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்த இடது கை வலிக்கும், முகம் கோணி அல்லது பேச்சுக் குழறி ஒரு பக்கம் மரப்பதற்கும் கழுத்து எக்ஸ்ரே எடுக்கும் யோசனையே வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

## தண்டுவடம் அழுந்தினால்

பின்னால் வளர்ந்த முள்ளும் பிதுங்கிய டிஸ்க்கும் தண்டுவடக் குழாயை நெருக்கும் நிலை இது. எண்ணிக்கையில் குறைவு என்றாலும், தேய்மானத்தில் உண்மையாகவே பயப்பட வேண்டியது இது ஒன்றுதான். ஏமாற்றுவது என்னவென்றால், இதில் கழுத்து வலி இல்லாமலே போகலாம். விரல்கள் மந்தமாகின்றன: சட்டைப் பித்தான் போடவும் சேலையில் ஊக்கு குத்தவும் நேரமாகிறது, கையெழுத்து மாறுகிறது. நடக்கும்போது கால்கள் விறைத்தது போல, தரை சரியாகப் பாவாதது போல இருக்கிறது. சிறுநீர் வந்தால் அடக்க முடியவில்லை. தலையைக் குனிந்தால் முதுகுத்தண்டு வழியாக ஷாக் அடித்தது போல ஓடுகிறது.

இவை மெதுவாகத் தொடங்குவதால் வயதாகிவிட்டது என்று வீட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். கை மதமதப்புக்காக எடுத்த பழைய எக்ஸ்ரே கையில் இருந்தால், “ஏற்கெனவே தேய்மானம் இருக்கிறது, அதுதான்” என்று பேச்சு முடிந்தும் விடுகிறது. ஆனால் இந்த அறிகுறிகளோடு வருபவருக்குத் தேவை உடனே எம்.ஆர்.ஐ.யும் நரம்பியல் அல்லது முதுகுத்தண்டு அறுவை மருத்துவரின் பரிசோதனையும். தண்டுவடத்தின் மீதுள்ள அழுத்தத்தை எடுக்கும் அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் மேலும் மோசமாகாமல் நிறுத்துவது. ஏற்கெனவே இழந்த விரல் நுணுக்கமும் நடையும் ஓரளவு திரும்பலாம், முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. பித்தான் போடச் சிரமப்படும் கட்டத்திலேயே வந்தவருக்கும், ஊன்றுகோல் பிடித்த பின் வந்தவருக்கும் கிடைக்கும் பலன் ஒன்றல்ல.